விடுதிக்கு எந்த வழி?

ஒரு கல்லூரி வளாகத்தில் அலுவலகம், நூலகம், விடுதி என மூன்று கட்டடங்கள். மூன்றையும் முக்கோணமாக ஃபைபர் கேபிள் இணைக்கிறது. கட்டட வேலைக்குப் பள்ளம் தோண்டும்போது அலுவலகத்துக்கும் விடுதிக்கும் இடையிலான கேபிள் அறுந்துபோகிறது. விடுதி மாணவர்களின் இணையம் சில நொடிகள் நின்று, மறுபடி ஓடத் தொடங்குகிறது. யாரும் எதையும் தொடவில்லை. அலுவலகச் சுவிட்சு தானாகவே நூலகம் வழியாக விடுதிக்குப் பாதை மாற்றிக்கொண்டது.

இதைச் செய்வது ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை. ஒவ்வொரு கட்டடத்திலும் உள்ள லேயர் 3 சுவிட்சு, தன்னோடு யார் இணைந்திருக்கிறார்கள், அந்த இணைப்பின் 'செலவு' எவ்வளவு என்று மற்ற எல்லாச் சுவிட்சுகளுக்கும் அறிவிக்கிறது. அந்த அறிவிப்புகளைச் சேர்த்து ஒவ்வொன்றும் வளாகத்தின் முழு வரைபடத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பிறகு, டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்குமுறையால், செலவு குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது.

அண்டைச் சுவிட்சுகள் பொதுவாக 10 நொடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று 'ஹலோ' சொல்லி விசாரித்துக்கொள்ளும். கேபிள் அறுந்து ஒளி நின்றால் சுவிட்சுக்கு உடனே தெரிந்துவிடும். நடுவில் வேறொரு கருவி இருந்து, ஒளி தொடர்ந்து வந்தபடியே இருந்தால் சிக்கல். அப்போது 40 நொடி ஹலோ வராத பிறகே இணைப்பு போய்விட்டது என்று முடிவுகட்டும்.

எல்லாரும் ஏமாறும் இடம் அந்தச் 'செலவு'தான். சிஸ்கோ சுவிட்சுகள் பலவற்றில் 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுத்துச் செலவு கணக்கிடப்படுகிறது. 1க்குக் கீழே போக முடியாது என்பதால் 1 ஜிகாபிட்டுக்கும் செலவு 1, 10 ஜிகாபிட்டுக்கும் 1. நம் வளாகத்தில் அலுவலகம்–விடுதி கேபிள் பழைய 1 ஜிகாபிட். நூலகம் வழியாகப் போகும் இரண்டும் புதிய 10 ஜிகாபிட் என்று வைத்துக்கொள்வோம். நேர்வழியின் செலவு 1, நூலக வழியின் செலவு 2. புதிய கேபிள் சும்மா கிடக்க, பழையதில் நெரிசல் பிதுங்கும். `show ip route ospf` என்று தட்டினால், விடுதிக்கான அடுத்த நிறுத்தம் எது என்பதில் இது வெளிப்படும்.

மருந்து எளிது:

```
router ospf 1
 auto-cost reference-bandwidth 100000
```

இப்போது 10 ஜிகாபிட்டின் செலவு 10, 1 ஜிகாபிட்டின் செலவு 100. நூலக வழிக்கு 20, நேர்வழிக்கு 100. போக்குவரத்து நூலகம் பக்கம் திரும்பிவிடும்.

அலுவலகச் சுவிட்சில் மட்டும் இதை மாற்றிவிட்டால் அரைகுறை வேலையாகிவிடும். விடுதிக்குப் போகும் தரவு நூலகம் வழியாகச் செல்லும். திரும்பி வருவது பழைய கேபிளிலேயே வரும். அண்டை உறவு முறியாது, பிழைச் செய்தியும் வராது. கட்டளையைத் தட்டியதும் எல்லாக் கருவிகளிலும் இதே எண் இருக்கட்டும் என்று சுவிட்சு ஒரு வரி நினைவூட்டும். அந்த வரியைப் படித்துவிட்டு, மற்ற இரு கட்டடங்களின் சுவிட்சுகளையும் அன்றே மாற்றிவிடுங்கள்.