எலுமிச்சை அளவு புளி எத்தனை கிராம்?

மீன் குழம்புக்கு எலுமிச்சை அளவு புளி என்று சொல்லாத வீடு கிடையாது. எலுமிச்சை எத்தனை பெரியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. குறுக்களவு 4 செ.மீ. உள்ள காயின் கன அளவு ஏறத்தாழ 33 மில்லி. குறுக்களவு 5 செ.மீ. என்றால் அது 65 மில்லி ஆகிவிடுகிறது. கண்ணுக்கு ஒரு விரற்கடையும் இல்லாத வித்தியாசம், குழம்பில் இரண்டு மடங்கு புளி. உருண்டையான எந்தப் பொருளிலும் இதுதான் கணக்கு. குறுக்களவு எத்தனை மடங்கு ஆகிறதோ, அந்த மடங்கை மும்முறை பெருக்கிய அளவுக்குக் கன அளவு கூடும். நெல்லிக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, சுண்டைக்காய் அளவு எல்லாமே இப்படித்தான்.

நேரில் சமைப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. கரைத்த புளியின் நிறத்தைப் பார்ப்பார், ஒரு சொட்டு நாக்கில் வைப்பார், தண்ணீரைக் கூட்டுவார். வீடியோ பார்த்துச் சமைப்பவரிடம் அந்தக் கையும் இல்லை, நாக்கும் இல்லை. அவரிடம் இருப்பது திரையில் தெரியும் எண் ஒன்றுதான்.

பாலவாக்கத்தில் இருக்கும் என் அண்ணி சமையல் வீடியோ எடுக்கிறார். குப்பத்துக் கரையில் காலையில் கூறு போட்டு விற்கும் சங்கராவை வாங்கிவந்து அவர் வைக்கும் குழம்புக்கு, வார்த்தைக்கு வார்த்தை எழுத்துப் பிரதி தயாரிக்க உட்கார்ந்தோம். பார்ப்பவர் அதே குழம்பை அப்படியே திரும்ப வைக்க முடிய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இந்த நிபந்தனை தமிழுக்குப் புதிதல்ல. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வந்தபோது, பாட்டியும் அத்தையும் பக்கத்தில் இல்லாத பெண்கள் புத்தகத்தை அடுப்படியில் வைத்துக்கொண்டு சமைத்தார்கள். இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டமே 1956இல்தான் வந்தது. கிராமும் லிட்டரும் கடைகளுக்குப் பரவியது அதற்கும் பிறகு. அந்த நாளின் ஆழாக்கும் படியும் ஊருக்கு ஊர் மாறுபட்டவை. இன்றைய கப் மட்டும் என்ன ஒழுங்கு? அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. நம் கடைகளில் விற்கும் அளவுக் கப்பில் 240ம் உண்டு, 250ம் உண்டு. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லி; ஆஸ்திரேலியாவில் அது 20. அளவைக்குப் பெயர் ஒன்றாக இருப்பதால் அளவு ஒன்றாகிவிடாது. அதனால் கப் என்ற சொல்லையே எங்கள் பிரதியில் விலக்கிவிட்டோம்.

அதிகம் தகராறு செய்தது உப்பு. தலைதட்டிய டீஸ்பூன், அதாவது 5 மில்லி தூள் உப்பு, ஏறக்குறைய 6 கிராம் வரும். கல் உப்பில் கற்களுக்கு நடுவே காற்று புகுந்து நிற்பதால் அதே கரண்டியில் எடை குறைவு. எவ்வளவு குறைவு என்பது கல்லின் பருமனைப் பொறுத்தது. கரண்டியைக் குவித்து எடுத்தால் இன்னொரு கணக்கு. போதாததற்குக் கடற்கரைக் காற்று. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கல் உப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருக்கும் என்பதால் அது அதற்கு முன்னாலேயே கசியும். பாலவாக்கத்தில் விடிகாலை ஈரப்பதம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. கசிந்த உப்பு கரண்டியில் கட்டியாக உட்காரும். தலைதட்டினாலும் முதல் நாள் அளவு வராது. தராசில் நிறுத்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறைகிறது, முழுக்கப் போவதில்லை, ஏனென்றால் ஏறிய நீருக்கும் எடை உண்டு. மூடிய டப்பாவில் இருந்த தூள் உப்பை நிறுத்துப் போடுங்கள் என்று அண்ணியின் குரலில் ஒரு வரி சேர்த்தோம்.

தராசுக்கும் ஒரு குணம் உண்டு. வீட்டுச் சமையலறைத் தராசுகள் பல, காட்டும் எண் தானாக நகராமல் இருக்க, சுழிக்குப் பக்கத்தில் நிகழும் சின்ன மாற்றங்களை விழுங்கிவிடும். வெறுங்கிண்ணத்தை வைத்துச் சுழி ஆக்கிவிட்டுச் சிட்டிகை சிட்டிகையாக வெந்தயம் போட்டால், இரண்டு கிராம் விழுந்த பிறகும் திரை சுழியிலேயே நிற்கக்கூடும். ஒரே தடவையில் போட வேண்டும், அல்லது கிண்ணத்தின் எடையைச் சுழியாக்காமல் விட்டு, ஏறும் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத தராசில் 2 கிராம் வெந்தயம் நிறுப்பதும் பெரிய பிழைக்கே இடம் கொடுக்கும். ஆகவே 10 கிராமும் அதற்கு மேலும் உள்ளவை தராசில், அதற்குக் கீழே உள்ளவை தலைதட்டிய அளவுக் கரண்டியில் என்று பிரித்தோம்.

பிரதியை மூன்று பத்தியாக எழுதினோம்: காட்சி, குரல், திரை எழுத்து. புளி வரும் இடம் இப்படி இருக்கிறது:

காட்சி: தராசின் மேல் கிண்ணம், கிண்ணத்தில் புளி, எண் தெரியும்படி மேலிருந்து.
குரல்: “புளி நாற்பது கிராம். கொட்டையும் நாரும் எடுத்த பிறகு நிறுத்தது. அறுநூறு மில்லி வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறணும்.”
திரை: புளி (கொட்டை, நார் நீக்கியது) 40 கிராம் + வெந்நீர் 600 மில்லி, 30 நிமிடம்.

எண்ணோடு பொருளின் நிலையும் சேர்ந்து வர வேண்டும் என்பதில் அண்ணி கறாராக இருந்தார். கரையில் வாங்கிய மீனிலிருந்து செதில், செவுள், குடல், தலை போன பிறகு மிஞ்சுவது வாங்கிய எடை அல்ல. எனவே திரையில் வெறுமனே மீன் 500 கிராம் என்று வராது; சுத்தம் செய்த துண்டுகள் 500 கிராம் என்று வரும். சின்ன வெங்காயம் உரித்த பிறகு 120, பூண்டு உரித்த பிறகு 30, தக்காளி 150. நல்லெண்ணெய் 45 மில்லி. மிளகாய்த்தூள் 10, மல்லித்தூள் 20, உப்பு 12 கிராம். மஞ்சள்தூளும் வெந்தயமும் கரண்டிக் கணக்கு: அரை டீஸ்பூன் வீதம், தலைதட்டி.

குரல் எண்ணைச் சொல்லும் நேரமும் முக்கியம். தாளிக்கும் இரைச்சலில் எல்லாச் சுருதியும் கலந்திருப்பதால் எழுத்துகளின் கூர்மையை அது மூடிவிடும். பேச்சில் ‘அம்பது’, ‘எம்பது’ இரண்டும் முதல் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. அதுவும் இரைச்சலில் போய்விட்டால் எண் தலைகீழ். அதனால் எண்ணைச் சொல்லி முடித்த பிறகே பொருள் சட்டியில் விழும். திரை எழுத்து அதற்கு முன்பே தோன்றி, கொட்டி முடியும்வரை நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் திரையில்.

இனி கொதிப்பு. மிதமான தீ, பத்து நிமிடம் என்று எழுதுவது எளிது. ஆனால் அதில் எதுவும் திரும்ப வராது. அடுப்பின் பர்னர் வேறு, சட்டியின் வாய் அகலம் வேறு. வாய் அகன்றால் ஆவி அதிகம் போகும். அதே பத்து நிமிடத்தில் ஒரு வீட்டில் குழம்பு கெட்டிப்படும், இன்னொரு வீட்டில் ரசமாக நிற்கும். நேரத்தைச் சொல்வதை விட்டு, எங்கே நிறுத்துவது என்பதை எடையாகச் சொல்ல முடிவு செய்தோம். அண்ணியின் எவர்சில்வர் சட்டி 900 கிராம், சூடு தராசில் படாமல் இருக்க வைக்கும் பிரிமணை 200; சேர்த்து 1,100. புளிக்கரைசல், வதக்கியவை, மேலே ஊற்றும் 200 மில்லி தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் குழம்பு 1,100 கிராமுக்கு மேல் இருக்கும். அது 900 கிராமாக வற்றும்வரை கொதிக்க வேண்டும். அதாவது தராசு 2,000 காட்டும்போது மீன் போடலாம். பார்ப்பவரின் சட்டி எந்த எடையாக இருந்தாலும் சரி. சமையலைத் தொடங்கும் முன் சட்டியையும் பிரிமணையையும் நிறுத்து, அதோடு 900 கூட்டிக்கொண்டால் போதும். மண்சட்டியில் மட்டும் இது சரிவராது. அது தண்ணீரை உறிஞ்சுவதால் வெறும் எடையே மாறிக்கொண்டிருக்கும்.

இந்த 900 கிராம் புள்ளி இன்னொரு வேலையும் செய்கிறது. அப்போது 12 கிராம் உப்பு 900 கிராம் குழம்பில் இருக்கிறது, 1.3 சதவீதம். மீன் 500 கிராம் சேர்ந்தால் மொத்தம் 1,400. உப்பு எங்கும் சமமாகப் பரவினால் 0.86 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே மீன் போடும் முன் ருசி பார்ப்பவருக்குக் குழம்பு கொஞ்சம் கரிக்கத்தான் வேண்டும். கரிக்கிறதே என்று பயந்து தண்ணீர் ஊற்றினால் மீன் வெந்த பிறகு சப்பென்று ஆகும். பிரதியில் இந்த இடத்தில் அண்ணி சொல்வது: “இப்ப ஒரு சொட்டு பாருங்க. உப்பு தூக்கலா இருக்கணும். இருந்தா சரி, எதுவும் சேர்க்காதீங்க.”

உப்பு உடனே சமமாகப் பரவிவிடாது என்பதையும் கணக்கில் எடுத்தோம். மீன் சதைக்குள் உப்பு நுழைய ஆகும் நேரம் துண்டின் கனத்தைப் போல் அல்ல, கனத்தின் வர்க்கத்தைப் போல் கூடும். இரண்டு மடங்கு கனமான துண்டுக்கு நான்கு மடங்கு நேரம். மீன் போட்ட பிறகு வரும் எட்டு நிமிடக் கொதிப்பில் தடித்த துண்டின் நடுவே உப்பும் புளியும் போய்ச் சேராது. மறுநாள் மீன் குழம்பு நன்றாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே துண்டு 1.5 செ.மீ. கனம் என்பதும் ஒரு அளவுதான். காட்சியில் துண்டின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் காட்டுகிறோம்.

தராசால் பிடிக்க முடியாத இரண்டு பொருள்கள் எஞ்சின. நாற்பது கிராம் புளியில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது மரத்துக்கு மரம், வருடத்துக்கு வருடம் மாறும். மிளகாய்த்தூளின் காரமும் அப்படியே. குண்டு மிளகாயும் காஷ்மீர் மிளகாயும் ஒரே எடையில் ஒரே காரம் தராது. இரண்டுக்கும் எண் மட்டும் போதாது என்பதால், எந்த மிளகாயின் தூள் என்பதைத் திரையில் எழுதினோம். புளிக்கரைசலை முதலில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றி, 900 கிராம் புள்ளிக்குச் சற்று முன் ருசி பார்த்துத் தேவைக்கு மீதியை ஊற்றச் சொன்னோம். மீதி வேண்டாம் என்றால் அதே எடைக்குத் தண்ணீர்.

பிரதி முடிந்ததும் மீன் குழம்பே வைத்திராத ஓர் இளைஞரிடம் அதைக் கொடுத்து, அண்ணி எட்ட நின்று பார்த்தார். இளைஞர் எல்லா எடையையும் சரியாக நிறுத்தார். கொதி வந்ததும் சட்டியை மூடிவிட்டார். ஆவி மூடியில் பட்டு நீராகித் திரும்பவும் விழுந்ததால் தராசு 2,000க்கு இறங்கவே இல்லை; வெகுநேரம் கொதித்து வெங்காயமும் தக்காளியும் குழைந்து கரைந்தன. மூடாமல் கொதிக்க வேண்டும் என்பது அண்ணிக்குச் சொல்லத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போனது. இப்போது கொதிக்கும் காட்சி முழுக்கத் திரையில் ‘மூட வேண்டாம்’ என்று நிற்கிறது. அதற்குக் கீழே ‘சட்டி + பிரிமணை + 900 கிராம்’.