இரும்புத்தாது விலை ஏறியது, கார் ஆலைகள் மூடின

2017 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பு நின்றுபோனது. ஃபோர்டு அதற்கு முந்தைய ஆண்டே மூடிவிட்டது. மிஞ்சியிருந்த டொயோட்டாவும் ஹோல்டனும் அந்த மாதம் மூடின. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அந்நாட்டில் சுரங்கத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. இந்த இரண்டையும் இணைப்பது நாணயத்தின் மதிப்பு.

2003 வாக்கில் சீனாவின் எஃகு ஆலைகள் இரும்புத்தாதுவை அள்ளி வாங்கத் தொடங்கின. தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் கிடைக்கிறது. அதன் விலை பல மடங்கு ஏறியது. தாதுவுக்கு விலை கிடைப்பது அமெரிக்க டாலரில். ஆனால் கூலியும் வரியும் உள்ளூர் டாலரில் கட்டியாக வேண்டும். சுரங்க நிறுவனங்கள் அமெரிக்க டாலரைக் கொடுத்து உள்ளூர் டாலரை வாங்கின. புதுச் சுரங்கங்களில் போட வந்த வெளிநாட்டு முதலீடும் அதையே செய்தது. எல்லாரும் கேட்கிற பொருளுக்கு விலை ஏறத்தானே செய்யும்? 2001இல் 50 அமெரிக்க சென்டுக்கும் கீழே கிடந்த ஆஸ்திரேலிய டாலர், 2011 ஜூலையில் 110 சென்டைத் தொட்டது.

இதைக் கார் ஆலையின் கணக்கில் பார்ப்போம். ஒரு காரைச் செய்ய 30,000 ஆஸ்திரேலிய டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 சென்ட் காலத்தில் அது வெளிநாட்டில் 15,000 அமெரிக்க டாலர். 110 சென்டில் அதே கார் 33,000. ஆலையில் எதுவும் மாறவில்லை, தொழிலாளியின் திறமையும் குறையவில்லை. ஆனாலும் டொயோட்டா மத்திய கிழக்குக்கு அனுப்பிய கேம்ரி கார்களில் லாபம் கரைந்தது. உள்நாட்டிலோ இறக்குமதிக் கார்கள் மலிவாயின.

அடி இன்னொரு பக்கமும் விழுந்தது. வெல்டர்களையும் எலக்ட்ரீஷியன்களையும் சுரங்கங்கள் பெரிய சம்பளம் கொடுத்து இழுத்தன. சம்பளம் ஏறினால் முடிதிருத்துபவர் கட்டணத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் அவருக்கு வெளிநாட்டுப் போட்டி இல்லை. கார் ஆலைக்கு அது முடியாது. அதன் விலையை உலகச் சந்தை முடிவு செய்கிறது.

பழி முழுவதையும் டாலர் மேல் போடுவதும் சரியல்ல. சந்தை சிறியது, இறக்குமதி வரியும் 5 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஏற்கெனவே தள்ளாடிய தொழிலை நாணய ஏற்றம் சாய்த்தது என்பதே என் கணிப்பு.

தாது விலை இறங்கியதும் டாலரும் இறங்கியது. 2016 தொடக்கத்தில் 70 சென்ட் அளவுக்கு வந்தது. ஆனால் மூன்று நிறுவனங்களும் வெளியேறும் முடிவை 2014க்குள் அறிவித்திருந்தன. உதிரிபாகம் செய்த சிறு ஆலைகளும் கலைந்துவிட்டால், நாணயம் இறங்கினாலும் தொழில் திரும்பாது.

நெதர்லாந்தில் 1959இல் இயற்கை எரிவாயு கிடைத்த பின் இப்படி நேர்ந்ததால், இதற்கு டச்சு நோய் என்று பெயர். நார்வே தன் எண்ணெய் வருவாயை ஒரு நிதியில் போட்டு, அதை வெளிநாட்டிலேயே முதலீடு செய்கிறது. அதனால் அந்தப் பணம் மொத்தமாக உள்ளூர் நாணயத்தின் மீது வந்து விழுவதில்லை. இந்த ஏற்பாட்டை விலை ஏறும்போதே செய்ய வேண்டும்; ஆலை மூடியபின் செய்து பயனில்லை.