பங்கு அப்படியே, சம்பளம் தனியே

இருபது வருஷமாகப் பாதிக்குப் பாதி பங்கில் ஒரு ஹார்டுவேர் கடை நடக்கிறது. மூத்த கூட்டாளி அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. சாயங்காலம் மட்டும் வந்து கல்லாவில் உட்காருகிறார். காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து பாக்கி வசூலிப்பதுவரை எல்லாம் இளையவர் தலையில். ஆனால் மூத்தவரின் முதல் 20 லட்சம், இளையவருடையது 10 லட்சம். இனி லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று அண்ணாச்சியிடம் பேச வேண்டும். டீ ஆறுவதற்குள் இந்தக் கணக்கை நாமும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

பெரும்பாலோர் இடறுவது ஒரே இடத்தில்தான். வருமானம் மாற வேண்டுமானால் பங்கு விகிதம் மாற வேண்டும் என்று நினைத்து, எடுத்த எடுப்பில் “அறுபதுக்கு நாற்பது” என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்டதும் மூத்தவருக்கு முகம் சுருங்கும். அவர் காதில் விழுவது “கடையில் உங்கள் உரிமை குறைந்துவிட்டது” என்பதுதான். கேட்டவருக்கும் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. வேறு மாதிரி எழுதி வைக்காதவரை, லாபத்தில் அறுபது வாங்குகிறவர் நஷ்டத்திலும் அறுபது சுமக்க வேண்டும்.

லாபம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று பணம் கலந்திருக்கிறது. வயலை நினைத்துக்கொள்ளுங்கள்: நிலத்துக்குக் குத்தகை, உழுதவருக்குக் கூலி, இரண்டும் போக நிற்பதுதான் விளைச்சலின் லாபம். கடையில் குத்தகையின் இடத்தில் இருப்பது முதலுக்கு வட்டி. கூலியின் இடத்தில் இருப்பது உழைக்கும் கூட்டாளியின் சம்பளம். இந்த இரண்டும் தானாக வராது. 1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் உழைப்பவருக்குச் சம்பளம் கிடையாது. லாபமும் நஷ்டமும் சரிபாதி. நம் கடையின் பழைய பத்திரத்தில் சம்பளம், வட்டி இரண்டுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

வருஷ லாபம் 15 லட்சம். இப்போது ஆளுக்கு 7.5. புதிய யோசனைப்படி முதலுக்கு 12 சதவீத வட்டி: மூத்தவருக்கு 2.4 லட்சம், இளையவருக்கு 1.2. இளையவருக்கு மாதம் 30,000 சம்பளம், வருஷத்துக்கு 3.6 லட்சம். இதைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. அந்த வேலைக்கு வெளியிலிருந்து ஒரு மேனேஜரை வைத்தால் ஊரில் என்ன கொடுப்போமோ அதைத்தான் கேட்க வேண்டும். எல்லாம் போக மிச்சம் 7.8 லட்சம். அதைப் பழையபடி சரிபாதியாகப் பிரித்தால் மூத்தவருக்கு மொத்தம் 6.3, இளையவருக்கு 8.7.

மூத்தவருக்கு 1.2 லட்சம் குறைகிறதே என்று தோன்றும். வரியைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நிறுவனத்தின் லாபத்துக்கு 30 சதவீத வரி (செஸ்ஸை விட்டுவிடுவோம்). இன்று 15 லட்சத்தில் 4.5 வரிக்குப் போக, ஆளுக்கு 5.25 லட்சம் கைக்கு வருகிறது. பத்திரத்தில் எழுதிய சம்பளத்தையும், 12 சதவீதத்துக்கு மேற்படாத வட்டியையும் நிறுவனம் செலவாகக் கழிக்கலாம். சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நம் தொகை அதற்குள் அடங்கும். ஆக, வரி 7.8 லட்சத்துக்கு மட்டும். வட்டியும் சம்பளமும் வாங்குகிறவர் கணக்கில் வருமானமாகும். வேறு வருமானம் இல்லையென்றால் இந்தத் தொகைக்கு வரி வராது. இப்போது மூத்தவர் கைக்கு 5.13 லட்சம், இளையவர் கைக்கு 7.53. அண்ணாச்சிக்குக் குறைவது வருஷத்துக்கு 12,000 ரூபாய்தான்! இளையவருக்குக் கூடுவதில் பெரும்பகுதி வரியில் மிச்சமான பணம்.

அதனால் பேச்சை இப்படி ஆரம்பிக்கலாம்: “அண்ணாச்சி, பங்கு பாதிக்குப் பாதி அப்படியே இருக்கட்டும். உங்க முதலுக்கு வட்டி எடுத்துக்குங்க, என் வேலைக்கு ஒரு சம்பளம் போடுங்க.” மூன்று வருஷக் கணக்கும் ஒற்றைத் தாளில் கையோடு இருக்கட்டும். பண்டிகை நாளிலும், வேலைக்காரப் பையன்கள் காதுபடவும் இந்தப் பேச்சு வேண்டாம்.

அவர் கேட்கப்போகும் கேள்வி ஒன்று உண்டு, நியாயமானதும்கூட: “வியாபாரம் படுத்தா உன் சம்பளம் எங்கிருந்து வரும்?” லாபம் 6 லட்சமாகச் சுருங்கினால் வட்டியும் சம்பளமும் சேர்ந்து 7.2, துண்டு விழும் 1.2 லட்சத்தில் பாதி அவர் தலையில். வரிக்கு முன் அவருக்கு 1.8 லட்சம், இளையவருக்கு 4.2. பழைய முறையில் அவருக்கு 3 வந்திருக்கும். அவர் கேட்குமுன் நாமே ஒரு ஷரத்து வைத்துவிடலாம்: வட்டி போக நிற்கும் லாபத்தில் பாதிக்கு மேல் சம்பளம் போகக் கூடாது. அப்போது அந்த மோசமான வருஷத்தில் சம்பளம் 1.2 லட்சமாக இறங்கி, இருவருக்கும் 3 லட்சமே வரும். நல்ல வருஷத்தில் இந்த ஷரத்து குறுக்கே வராது.

இருவரும் சம்மதித்தால் ஆடிட்டரை வைத்துத் திருத்தப் பத்திரம் எழுதி, கையெழுத்திட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவருவது சுலபம். முந்தைய மாதங்களுக்கும் சேர்த்துச் சம்பளம் எழுதினால் வரிக் கணக்கில் அது செல்லாது. இந்த வட்டியும் சம்பளமும் ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.