எட்டு வட்டங்கள், ஏழு அம்புகள்

ஆட்களைக் குழுகுழுவாகச் சேர்த்துக்கொண்டே போகும்போது, 'இந்த இருவரும் ஒரே குழுவா?' என்ற கேள்விக்குக் கணினி சட்டென்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு 1964-ல் பெர்னார்ட் கேலரும் மைக்கேல் ஃபிஷரும் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு மரம். ஒவ்வொருவரும் தமக்கு மேலே உள்ள ஒருவரைக் காட்டுவார். உச்சியில் இருப்பவர்தான் வேர். இருவரும் ஒரே வேரில் போய் முடிந்தால் ஒரே குழு. யூனியன்-ஃபைண்ட் என்று மாணவர்கள் படிக்கும் இந்தக் காடு, தாளில் வரைந்தால்தான் பிடிபடும்.

முதலில் 1 முதல் 8 வரை எட்டு வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் வெளியே சிவப்பு மையில் 0 என்று எழுத வேண்டும். அதுதான் ரேங்க். இரண்டு மரங்களை இணைக்கும்போது ரேங்க் குறைந்த வேர், கூடிய வேருக்குக் கீழே போகும். யாருடைய ரேங்க்கும் மாறாது. இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே மேலே நிற்கும் வேருக்கு ஒன்று கூடும். சமமானால் முதலில் சொல்லப்படுவதே வேர் என்று வைத்துக்கொள்வோம்.

1-2, 3-4, 5-6, 7-8 என இணைத்தால் நான்கு குட்டி மரங்கள்; வேர்களின் ரேங்க் 1. அடுத்து 1-3, 5-7. இப்போது 1-க்கும் 5-க்கும் ரேங்க் 2. கடைசியாக 1-5. எல்லாம் ஒரே மரமாகி, 1-இன் ரேங்க் 3 ஆகிறது. எப்போதும் வேரிலிருந்து வேருக்குத்தான் அம்பு போக வேண்டும். 8-ஐயும் 4-ஐயும் இணைக்கச் சொன்னாலும் அவற்றின் வேர்களைத் தேடிப் பிடித்த பிறகே கோடு போட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இனி `find(8)`. தேடல் 8, 7, 5, 1 என்று ஏறுகிறது. வேரைக் கண்டதும், வழியில் இருந்த எல்லோருடைய அம்பையும் நேராக 1-க்குத் திருப்பிவிட வேண்டும். இதுதான் பாத் கம்ப்ரெஷன். பழைய அம்பைப் புள்ளிக்கோடாக விட்டு, புதியதை அழுத்தமாக வரைந்தால் நடந்தது தெரியும். 8, 7 இரண்டும் இடம் மாறுகின்றன. 5 முன்பே 1-க்குக் கீழேதான் இருந்தது. 6 வழியில் இல்லை. அது 5-இன் கீழேயே இருக்கும். 4-ம் அப்படித்தான், 3-இன் கீழேயே.

இந்த இடத்தில் ரேங்க்கைத் திருத்தத்தான் கை போகும். மரம் குட்டையாகிவிட்டதே! ஆனால் திருத்தக் கூடாது. 7-க்குக் கீழே இப்போது யாரும் இல்லை. அதன் ரேங்க் அப்போதும் 1-தான். உண்மை உயரத்தைக் கணக்கிட வேண்டுமானால் மரம் முழுவதையும் மறுபடி அலச வேண்டிவரும். மிச்சப்படுத்திய நேரம் அதிலேயே போய்விடும். அதனால் ரேங்க் என்பது உயரம் அதற்கு மேல் போகாது என்ற வரம்பு மட்டுமே.

படம் சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். அம்பு எங்கிருந்து புறப்பட்டாலும், போய்ச் சேரும் வட்டத்தின் ரேங்க் கட்டாயம் கூடுதலாக இருக்க வேண்டும். வட்டங்களின் எண்ணிக்கையில் மரங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் அம்புகளின் எண்ணிக்கை வர வேண்டும். இங்கே எட்டில் ஒன்று போக ஏழு. அடுத்து 9 என்று ஒரு புது வட்டம் வந்து சேர்ந்தால், அதன் ரேங்க் 0 என்பதால் நேராக 1-இன் கீழே போகும். 1-இன் ரேங்க் 3-ஆகவே நிற்கும், அம்புகள் எட்டாகும்.