பொத்தானைத் தொடாமலே மானிட்டர் வெளிச்சம்

மானிட்டர் தயாரிப்பவர்களுக்குப் பொத்தான்கள் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. திரைக்கு அடியிலோ முதுகுப் பக்கமோ கொண்டுபோய் ஒளித்து வைக்கிறார்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கையை விட்டுத் தடவினால், மெனு திறப்பதற்குப் பதிலாக மானிட்டரே அணைந்துபோகும். அதனால் பெரும்பாலானவர்கள் கடையில் இருந்து வந்த நாளின் வெளிச்சத்தையே இரவும் பகலும் வைத்துக்கொண்டு, கண் எரிகிறது என்று சொட்டு மருந்து வாங்குகிறார்கள்.

கம்ப்யூட்டரிலேயே வெளிச்சத்தைக் குறைக்கும் செயலிகள் நிறைய இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் பல செய்வது வேறு வேலை. எல்.சி.டி. மானிட்டரில் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. முன்னால் இருக்கும் திரை அந்த ஒளியைத் தேவையான அளவுக்கு மறைத்துப் படம் காட்டுகிறது. இந்தச் செயலிகள் விளக்கைத் தொடுவதே இல்லை. வெள்ளையைச் சாம்பலாக்கி, படத்தையே கறுப்படித்து அனுப்புகின்றன. விளக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, திரை முழுவதும் வெறும் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து வையுங்கள். அந்தக் கறுப்பிலும் விளக்கின் ஒளி லேசாகக் கசிவது தெரியும். செயலியில் வெளிச்சத்தைக் குறைத்தும் அந்தக் கசிவு அப்படியே இருந்தால், விளக்கு குறையவில்லை என்று அர்த்தம். மானிட்டரின் பொத்தானை அழுத்திக் குறைத்தால் கசிவும் சேர்ந்து குறையும்.

பொத்தான் செய்யும் அதே வேலையைக் கம்ப்யூட்டரில் இருந்து செய்யும் வழிக்குத்தான் டி.டி.சி. என்று பெயர். அதற்கான கம்பி உங்கள் கேபிளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. 1994-இல் வெசா என்ற தொழில் அமைப்பு இதைக் கொண்டுவந்தபோது நோக்கம் சிறியதுதான்: மானிட்டர் தன் பெயரையும், எந்த அளவுப் படத்தைக் காட்டமுடியும் என்பதையும் கம்ப்யூட்டரிடம் சொல்லவேண்டும். மானிட்டரைச் செருகியதும் சரியான அளவில் படம் வருவது இதனால்தான். 1998-இல் வந்த DDC/CI என்ற விரிவாக்கத்தில், கம்ப்யூட்டரும் மானிட்டருக்குக் கட்டளையிட வழி பிறந்தது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் 15, 16-ஆம் பின்கள் இந்தப் பேச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. டிஸ்ப்ளே போர்ட்டில் இதே செய்தி துணைத்தடம் ஒன்றின் வழியே போகிறது.

கட்டளை என்றாலும் அது சில பைட்டுகள்தான். 'பத்தாம் எண் அமைப்பை 50 ஆக்கு' என்பது போன்ற ஒரு வரி, கடைசியில் சரிபார்க்க ஒரு பைட். மானிட்டரின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் எண் உண்டு. வெளிச்சத்துக்கு 10, கான்ட்ராஸ்டுக்கு 12. இந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் எழுதப்படுபவை. அதனால் இந்த 10 என்பது உண்மையில் நமது பதினாறு. அதைப் பற்றிக் கவலைப்படாமல் அப்படியே தட்டச்சு செய்தால் போதும்.

விண்டோஸில் இதற்கு Twinkle Tray, Monitorian ஆகிய செயலிகள் கிடைக்கின்றன. நிறுவினால் கீழ்ப்பட்டையில் ஓர் ஐகான் வரும். நகர்த்தினால் வெளிச்சம் மாறும், அவ்வளவுதான். மேக்கில் MonitorControl. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க லினக்ஸ்தான் வசதி. உபுண்டுவில் ddcutil என்ற நிரலை நிறுவிக்கொண்டு இப்படிக் கேட்கலாம்:

```
sudo ddcutil detect
sudo ddcutil getvcp 10
sudo ddcutil setvcp 10 40
```

முதல் வரி, இணைந்திருக்கும் மானிட்டர்களைத் தேடிப் பட்டியலிடும். இரண்டாவது, இப்போதைய வெளிச்சத்தைக் கேட்கும். `current value = 75, max value = 100` என்பதுபோலப் பதில் வரும். மூன்றாவது வரியை அழுத்தியதும் விளக்கு 40-க்கு இறங்கும். கறுப்புப் படச் சோதனையை இப்போது செய்து பாருங்கள்; கசிவும் குறைந்திருக்கும். இரண்டு மானிட்டர் இருந்தால் `--display 2` என்று சேர்த்து இரண்டாவதை மட்டும் மாற்றலாம். ஒன்றின் 40-ம் இன்னொன்றின் 40-ம் ஒரே வெளிச்சமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். அது அந்தந்த மானிட்டரின் சொந்த அளவுகோல்.

கட்டளையாக இருப்பதன் லாபம், அதை நேரத்தோடு கட்டிப்போடலாம் என்பது. ரூட் பயனரின் கிரான் பட்டியலில் இந்த இரண்டு வரியைப் போட்டுவிட்டால், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வரை மாலை ஆறு மணிக்குத் தானே குறையும், காலை எட்டுக்குத் தானே கூடும்:

```
0 18 * * * /usr/bin/ddcutil setvcp 10 35
0 8 * * * /usr/bin/ddcutil setvcp 10 75
```

நிமிடத்துக்கு நிமிடம் மெல்ல மெல்ல மாற்றும் ஆசை வேண்டாம். சில மானிட்டர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தங்கள் நினைவகத்தில் எழுதிவைக்கும். அந்த நினைவகத்துக்கு எழுதும் ஆயுள் ஓர் அளவுக்குத்தான். நாளைக்கு நாலைந்து முறை மாற்றுவது ஒன்றும் செய்யாது.

கான்ட்ராஸ்ட் வேறு கதை. 12-ஆம் எண்ணைத் தொட்டால் பெரும்பாலான மானிட்டர்களில் விளக்கு மாறாது. படத்தின் வெளிர்ப் பகுதிதான் இழுபடும். கூட்டிக்கொண்டே போனால் வெள்ளைக்கு அருகில் இருக்கும் நிறங்கள் எல்லாம் வெள்ளையோடு ஒன்றாகிவிடும். வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் தெரியும் ஒரு புகைப்படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். மடிப்பு மறையும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தவேண்டும். என் யோசனை, கான்ட்ராஸ்டை நிறுவனம் வைத்த எண்ணிலேயே விட்டுவிட்டு, வெளிச்சத்தை மட்டும் ஆள்வது.

வேலை செய்யாவிட்டால்? `detect` சொன்னதைக் கவனித்துப் படியுங்கள். மானிட்டரின் பெயர் சரியாக வருகிறது, ஆனால் `DDC communication failed` என்றும் வருகிறது என்றால், கம்பி நன்றாக இருக்கிறது, பெயர் சொல்லும் பகுதியும் பேசுகிறது. கட்டளை கேட்கும் பகுதிதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. பல மானிட்டர்களில் மெனுவுக்குள் DDC/CI என்று ஒரு வரி இருக்கும். அது Off என்று இருந்தால் On ஆக்கவேண்டும். இந்த ஒருமுறை மட்டும் பொத்தானைத் தொட்டே ஆகவேண்டும். அது சரியாக இருந்தும் நடக்கவில்லை என்றால் நடுவில் இருக்கும் டாக், கன்வெர்ட்டர் போன்றவற்றைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகிப் பாருங்கள். படத்தைக் கடத்தி, கட்டளையை விழுங்கும் கன்வெர்ட்டர்கள் சந்தையில் தாராளம். கட்டளை போகிறது, எண்ணும் மாறுகிறது, வெளிச்சம் மட்டும் அசையவில்லை என்றால் மானிட்டரில் எச்.டி.ஆர். அல்லது தானியங்கி கான்ட்ராஸ்ட் வசதி ஓடிக்கொண்டிருக்கலாம், அணைத்துவிடுங்கள். லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு இந்த வழி பொருந்தாது, அதற்கு விசைப்பலகையே போதும். பெரும்பாலான டி.வி.க்களும் இந்தக் கட்டளைகளைக் கேட்பதில்லை.

ஆர்வக்கோளாறில் மற்ற எண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். 04 மானிட்டரின் எல்லா அமைப்புகளையும் பழையபடி ஆக்கிவிடும். 60 இணைப்பை வேறு போர்ட்டுக்கு மாற்றும். அங்கே ஒன்றும் செருகியிருக்காவிட்டால் திரை இருண்டுவிடும். D6 மானிட்டரைத் தூங்கவைக்கும், அப்புறம் சில மானிட்டர்கள் கம்ப்யூட்டர் கூப்பிட்டாலும் எழாது. 10, 12 இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.