பிள்ளை பிறக்கும் கிழமை

அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு கிட்டத்தட்ட 40 லட்சம் குழந்தைகள் பிறந்தன. ஆண்டு முழுக்கச் சமமாகப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 11,000-க்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் அந்தச் சராசரி எந்தக் கிழமைக்கும் பொருந்தாது. வேலை நாட்களில் பெரும்பாலும் 12,000-ஐ ஒட்டிப் பிறக்கிறார்கள். சனிக்கிழமை அது 8,000 சொச்சமாகிறது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் இறங்கி 7,000 சொச்சத்துக்கு வந்துவிடுகிறது. மறுநாள் திங்கள், மறுபடியும் ஏறிவிடுகிறது.

இந்த எண்களைத் தேதி வரிசையில் கோட்டு வரைபடமாகப் போட்டால், வாரத்துக்கு ஒரு பள்ளம் என 52 பள்ளங்கள் ரம்பப் பல்லாக நெருக்கியடித்து நிற்கும். வார இறுதியில் குறைகிறது என்பது தெரியும். மற்றவை எல்லாம் அந்தப் பற்களுக்குள் புதைந்துபோகும். மே 26-ஆம் தேதி திங்கட்கிழமை அங்கே பொது விடுமுறை. அன்றும் பிறப்புகள் குறைந்தன. கோட்டு வரைபடத்தில் அது, மற்றப் பள்ளங்களைவிட ஒரு நாள் அகலமான பள்ளம், அவ்வளவுதான். யாராவது சுட்டிக்காட்டினால்தான் கண்ணில் படும்.

அதே எண்களைக் காலண்டர் ஹீட்மேப்பாக அடுக்கும்போது நிலைமை மாறுகிறது. ஒரு நாளுக்கு ஒரு சிறு கட்டம். மேலிருந்து கீழாகத் திங்கள், செவ்வாய் என ஏழு வரிசைகள். இடமிருந்து வலமாக வாரங்கள். எண்ணிக்கை கூடினால் கட்டத்தின் நிறம் அடர்ந்து போகும், குறைந்தால் வெளிறும். மென்பொருள் எழுதுபவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானது. கிட்ஹப் தளத்தில் ஒவ்வொருவரின் பக்கத்திலும் அவரது ஓராண்டு வேலை பச்சைக் கட்டங்களாக இப்படித்தான் தெரிகிறது.

2014-இன் பிறப்புகளை இப்படி அடுக்கினால் முதலில் தெரிவது, அடியில் சனி, ஞாயிறு என்று இரண்டு வெளிறிய பட்டைகள். அவற்றுக்கு மேலே ஐந்து அடர்ந்த வரிசைகள். அந்த அடர்ந்த பரப்பின் நடுவே, திங்கள் வரிசையில் மே 26-உம் செப்டம்பர் 1-உம் வெளிறிக் கிடக்கின்றன. முன்னது போரில் இறந்த வீரர்களின் நினைவு நாள், பின்னது தொழிலாளர் நாள். வியாழன் வரிசையில் நன்றி நவிலும் நாளான நவம்பர் 27-உம், கிறிஸ்துமஸும். வெள்ளி வரிசையில் சுதந்திர நாளான ஜூலை 4. அமெரிக்கக் காலண்டரையே பார்த்திராத ஒருவர்கூட, இந்தப் படத்தை வைத்து அந்நாட்டின் பெரிய விடுமுறைகளைப் பட்டியலிட்டுவிடலாம்.

குழந்தைக்கு விடுமுறை தெரியாது. தெரிவது மருத்துவமனைக்குத்தான். அமெரிக்காவில் அந்த ஆண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பிரசவம் சிசேரியன். ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் மருந்து கொடுத்து வலியை வரவழைத்தார்கள். அவசரமில்லாத சிசேரியனுக்கும், முன்கூட்டித் திட்டமிட்டு வலி வரவழைப்பதற்கும் தேதி குறிப்பது மருத்துவரும் குடும்பமும். அறுவை அரங்கும் மயக்க மருந்து மருத்துவரும் முழு அளவில் கிடைக்கும் வேலை நாளாகப் பார்த்துத்தான் அந்தத் தேதி விழுகிறது. பிறப்புகளைச் சிசேரியன் என்றும் சுகப்பிரசவம் என்றும் பிரித்து எண்ணினால் இது உறுதியாகிறது. இரண்டிலும் வார இறுதிச் சரிவு உண்டு. ஆனால் சிசேரியனில் சரிவு மிகப் பெரிது.

இந்தப் படத்தைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு கட்டத்தை அதற்கு மேலும் கீழும் உள்ள கட்டங்களோடு ஒப்பிட்டால் பயன் குறைவு. அவை வேறு கிழமைகள். இடப்பக்கக் கட்டம் அதே கிழமையின் போன வாரம், வலப்பக்கக் கட்டம் அடுத்த வாரம். அந்த இரண்டோடுதான் ஒப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமையும் 13-ஆம் தேதியும் சேர்ந்து வந்தால் கெட்ட நாள் என்று மேலைநாடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. 2014-இல் ஜூன் 13 அப்படி வந்தது. அதன் இடப்பக்கம் ஜூன் 6, வலப்பக்கம் ஜூன் 20. இரண்டும் சாதாரண வெள்ளிக்கிழமைகள். ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற அமெரிக்கச் செய்தித்தளம் 2016-இல் இதே ஒப்பீட்டைத்தான் செய்தது. ஒரே ஒரு கட்டம் வெளிறியிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், பல ஆண்டுகளின் 13-ஆம் தேதிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் அதே மாதத்தின் 6, 20 தேதிகளோடு ஒப்பிட்டார்கள். 13 வெள்ளியில் விழும்போது பிறப்புகள் சில சதவீதம் குறைவது தெரிந்தது. நாள் நட்சத்திரம் பார்த்துச் சிசேரியனுக்குத் தேதி குறிக்கும் குடும்பங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.

இதே பிறப்புகளைக் கிழமை வரிசையில் அடுக்காமல், மாதத்தை ஒரு பக்கமும் 1 முதல் 31 வரையிலான தேதியை இன்னொரு பக்கமும் வைத்து அடுக்குபவர்களும் உண்டு. அமெரிக்கப் பத்திரிகையாளர் மாட் ஸ்டைல்ஸ் 2012-இல் வெளியிட்ட பிறந்தநாள் படம் அப்படிப்பட்டது. அது வேகமாகப் பரவியது. பல ஆண்டுகளின் பிறப்புகளைச் சேர்த்து அமைத்த படம் அது. ஒரு தேதி ஒவ்வோர் ஆண்டும் வேறு கிழமையில் விழுவதால், ஆண்டுகளைச் சேர்க்கச் சேர்க்கக் கிழமையின் தடம் கரைந்துவிடுகிறது. தேதி மாறாத ஜூலை 4-உம் கிறிஸ்துமஸும் பளிச்சென்று நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும் நன்றி நவிலும் நாள் மங்கிப் பரவிவிடும். அந்தப் படத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நிறம் எண்ணிக்கையைக் காட்டவில்லை. எத்தனையாவது இடம் என்ற தரவரிசையைக் காட்டியது. சிறு வித்தியாசமுள்ள இரண்டு தேதிகள்கூடத் தரவரிசையில் வெகுதூரம் தள்ளி நிற்கலாம். பார்த்தவர்கள் பலர், செப்டம்பரில் பிறப்புகள் பல மடங்கு அதிகம் என்று எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் அந்த ஏற்றம் சில சதவீதம்தான்.

கிழமை வரிசைப் படத்திலும் நிறம் தொல்லை கொடுக்கும், வேறு விதமாக. 7,000-க்கும் 13,000-க்கும் இடையே நிற அளவுகோலை நீட்டினால், அதன் பெரும்பகுதியை வார இறுதிச் சரிவே விழுங்கிவிடும். வேலை நாட்கள் எல்லாம் ஒரே அடர்த்தியாகத் தெரியும். செப்டம்பரின் ஏற்றம் காணாமல்போகும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையையும், ஆண்டு முழுவதும் அதே கிழமைக்குள்ள சராசரியால் வகுத்துவிட வேண்டும். திங்கட்கிழமைச் சராசரி 12,000 என்றும், ஒரு விடுமுறைத் திங்களில் 8,400 என்றும் வைத்துக்கொண்டால், அந்தக் கட்டத்தின் மதிப்பு 0.7. ஞாயிற்றுச் சராசரி 7,400 இருக்க, ஒரு செப்டம்பர் ஞாயிற்றில் 7,770 பிறந்தால், அதன் மதிப்பு 1.05. இப்போது 1-ஐ நடுநிறமாக வைத்து, குறைந்தால் நீலம், கூடினால் சிவப்பு என்று தீட்ட வேண்டும். வார இறுதிப் பட்டைகள் மறைந்துவிடும். விடுமுறைகள் ஆழ்ந்த நீலப் புள்ளிகளாக நிற்க, கோடையின் பிற்பகுதியும் செப்டம்பரும் ஏழு வரிசையிலும் இளஞ்சிவப்பாகத் தெரியும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் படம் வாரத்தின் போக்கைச் சொல்கிறது, இரண்டாவது அந்தப் போக்கை மீறிய நாட்களைச் சொல்கிறது.

எக்செல் தெரிந்தவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 2000 முதல் 2014 வரையிலான தினசரிப் பிறப்பு எண்ணிக்கையை ஃபைவ்தர்ட்டிஎய்ட் பொதுவில் வெளியிட்டது. தேதி `A2` கட்டத்தில் இருந்தால், எந்த வரிசை என்பதை `WEEKDAY(A2,2)` சொல்லிவிடும். திங்கள் 1, ஞாயிறு 7. எந்த வாரம் என்பதற்கு `ISOWEEKNUM(A2)` என்று எழுதத் தோன்றும். அங்கேதான் சறுக்கல். அந்தச் சர்வதேச முறைப்படி, 2014 டிசம்பர் 29, 30, 31 மூன்றும் 2015-இன் முதல் வாரத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவை படத்தின் வலக்கோடிக்குப் போகாமல் இடக்கோடியில், வாரம் 1-இல் போய் உட்காரும். டிசம்பர் 31 புதன்கிழமை. அந்த ஆண்டின் ஜனவரி 1-உம் புதன்கிழமை. இரண்டும் ஒரே கட்டத்தில் மோதும். பிவட் டேபிள் இரண்டையும் கூட்டிவிட, படத்தின் தொடக்கத்திலேயே ஆண்டின் மிக அடர்ந்த புதன்கிழமை ஒன்று முளைத்து நிற்கும். முதல் வாரத்தில் ஒரு கட்டம் காரணமில்லாமல் கறுத்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆண்டு தொடங்கும் வாரத்தின் திங்கட்கிழமையிலிருந்து நாட்களை எண்ணினால் பிழை நேராது:

```
=INT((A2-DATE(2013,12,30))/7)+1
```

இப்படிச் செய்தால் ஜனவரி 1 வாரம் 1-இலும், டிசம்பர் 29 வாரம் 53-இலும் விழும். 53 வாரங்களுக்கு மொத்தம் 371 கட்டங்கள், நிரம்புபவை 365. மீதி ஆறும் வெறுமையாக இருக்க வேண்டும், தொடக்கத்தில் இரண்டு, முடிவில் நான்கு. அந்த வெறுமைக்கு வெள்ளை கொடுத்துவிட்டு, குறைந்த எண்ணிக்கைக்கும் வெள்ளையையே கொடுத்தால் இரண்டும் குழம்பிப்போகும். தரவே இல்லாத நாளுக்குச் சாம்பல் நிறமாவது தனியாக வேண்டும்.

நிறத்துக்குள் அடங்காத ஒன்று மிச்சமிருக்கிறது: ஒரு நாளுக்குள் என்ன நடந்தது என்பது. இதற்கு வழி தேடியவர்கள் நெதர்லாந்தின் யார்கே வான் வைக், எட்வர்ட் வான் செலோ என்ற இருவர். 1999-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அந்நாட்டின் ஆற்றல் ஆராய்ச்சி மையத்தில் 1997-ஆம் ஆண்டு முழுவதும் எந்த நேரத்தில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்ற கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தை ஒரு வளைகோடாகக் கொண்டு, ஒரே சாயலில் உள்ள நாட்களைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறத்தைக் காலண்டரில் தீட்டினார்கள். வளைகோடுகளைப் பக்கத்திலேயே வரைந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் குறைவு, கோடைகால வெள்ளிகளில் இன்னும் குறைவு, பொது விடுமுறைக்கு மறுநாள் பலர் விடுப்பு எடுக்கிறார்கள் என்பதெல்லாம் காலண்டரில் தெரிந்தது. டிசம்பர் 5 மட்டும் தனியாக நின்றது. அன்று காலை வழக்கம்போல வந்தவர்கள் மாலை 4 மணிக்கே கிளம்பியிருந்ததை வளைகோடு காட்டியது. நெதர்லாந்துக் குழந்தைகள் சின்டர்கிளாஸ் தாத்தாவின் பரிசுகளுக்காகக் காத்திருக்கும் மாலை அது.