கிசான் பணம் எந்த பேங்குக்குப் போகிறது?

திருக்கழுக்குன்றத்துப் பக்கம் உங்களுக்கு ஓர் ஏக்கர் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் பிஎம் கிசான் பணம் 2,000 ரூபாய் இந்த முறை வரவில்லை. பேங்கில் கேட்டால், “ஆதார் லிங்க் ஆகியிருக்கே” என்கிறார்கள். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால், “பேங்க்ல லிங்க் ஆகலை” என்கிறார்கள். யார் சொல்வது பொய்? பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான்.

அதெப்படி? ‘லிங்க்’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைகளுக்கும் சொல்கிறோம். கணக்குத் தொடங்கும்போது அடையாளத்துக்காக ஆதார் எண்ணை பேங்க் பதிந்துகொள்வது ஒன்று. அரசுப் பணத்தை இந்தக் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன் என்று நீங்கள் ஒப்புதல் தந்து, அதை பேங்க் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் (என்பிசிஐ: பேங்குகளுக்கிடையே பணம் போக வழிசெய்யும் அமைப்பு) பட்டியலில் ஏற்றுவது இன்னொன்று. இந்த இரண்டாவதற்குத்தான் ‘சீடிங்’ என்று பெயர். முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போவது சாதாரணம்.

“பாஸ்புக் நகலைத்தான் கொடுத்தேனே, அதில் கணக்கு எண் இருக்கிறதே?” என்று கேட்பீர்கள். ஆதார் வழியாகப் பணம் அனுப்பும்போது அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் ஆதார் எண்ணுக்கு எதிரே எந்த பேங்க் எழுதியிருக்கிறது என்று பட்டியலில் பார்த்து, பணத்தை அங்கே தள்ளிவிடுவார்கள். உள்ளே எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பது அந்த பேங்கின் பொறுப்பு. எந்த பேங்கும் எழுதியில்லை என்றால் பணம் திரும்பிவிடும்.

ஓர் ஆதாருக்கு ஒரு பேங்க்தான். கடைசியாக ஏறியது எதுவோ, அதுவே நிற்கும். சிக்கல் பாதி இங்கேதான். கல்பாக்கத்தில் உங்களுக்குப் பழைய கணக்கு இருக்கிறது. போன வருஷம் வீடு தேடி வந்த ஒருவரிடம் கைரேகை வைத்து, இருப்பு இல்லாமலே ஒரு கணக்கு தொடங்கி மறந்துவிட்டீர்கள். அப்போது போட்ட கையெழுத்துகளில் சீடிங் ஒப்புதலும் இருந்திருந்தால், பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நீங்களோ கல்பாக்கம் பாஸ்புக்கை மட்டுமே வரவு போட்டுப் பார்க்கிறீர்கள். இது நடக்காத கதை இல்லை. 2017இல் ஏர்டெல் சிம் கார்டுக்கு ஆதார் கொடுத்த பலருக்கு அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு தொடங்கப்பட்டு, கேஸ் மானியம் அங்கே போனது. ஆதார் ஆணையம் அந்த டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பிஎம் கிசான் தளத்தில் “Know Your Status” பாருங்கள். நிலப் பதிவு, இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது), பேங்க் சீடிங் ஆகிய மூன்றின் நிலையும் தனித்தனியாக வரும். சீடிங்கில் மட்டும் “No” என்றால் இ-கேஒய்சியைத் திரும்பத் திரும்பச் செய்து பயனில்லை. பலர் அதற்குத்தான் காசு செலவழிக்கிறார்கள்.

அடுத்து ஆதார் தளத்தில் (myaadhaar.uidai.gov.in) நுழைந்து “Bank Seeding Status” பாருங்கள். அங்கே பேங்கின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும்; கணக்கு எண் முழுதாகத் தெரியாது. ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓடிபி வரும். எண் மாறியிருந்தால் ஆதார் மையத்தில் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். “Inactive” என்று வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் ஆதார் செத்துப்போகவில்லை, பட்டியலில் உள்ள அந்தப் பதிவு மட்டும் முடங்கியிருக்கிறது.

வேறு பேங்க் பெயர் வந்தால்? ஆதாரோடு அங்கே போங்கள். வராததாக நினைத்த தவணைகள் அங்கே கிடக்கலாம். எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யுங்கள். ஒழுங்காக இயங்கும் கணக்கு என்றால் அதையே வைத்துக்கொள்வது சுலபம் என்பேன்.

மாற்றுவதென்றால், வேண்டிய பேங்கின் கிளையில் “ஆதார் லிங்க் பண்ணுங்க” என்று கேட்காதீர்கள். “அரசு பணம் வர்றதுக்கு என்பிசிஐ சீடிங் பண்ணணும்” என்று கேளுங்கள். தரும் படிவத்தில் புதுப் பதிவா, வேறு பேங்கிலிருந்து மாற்றமா என்று கேட்டிருக்கும். மாற்றம் என்றால் பழைய பேங்கின் பெயரையும் எழுத வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சில நாள் கழித்து ஆதார் தளத்தில் திரும்பப் பாருங்கள். கவுன்ட்டரில் “ஆயிடுச்சு” என்று சொன்னதை நம்பி அடுத்த தவணை வரை காத்திருந்தால் நான்கு மாதம் போய்விடும். கிளைக்கு அலைய முடியாதவர்கள் தபால்காரரிடம் கேட்டு, அஞ்சலகப் பேமென்ட்ஸ் பேங்கில் ஆதார் இணைத்த கணக்கை வீட்டிலேயே தொடங்கலாம்.

விட்டுப்போன தவணை போனதுதானா? இல்லை. நீங்கள் தகுதியற்றவர் என்று நீக்கப்படாதவரை, தடை நீங்கியதும் நின்ற தவணையும் உங்களுக்குச் சேர வேண்டும் என்பதே திட்டத்தின் விதி. அது வரவில்லை என்றால் சீடிங் ஆன திரையின் அச்சுப்பிரதியோடு வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.